எஸ்டிமேட்டில் அடியும் மீட்டரும் கலந்திருந்தால் காண்ட்ராக்டருக்குத் திருத்தக் கடிதம் எழுதும் முறை: முழுமையான வழிகாட்டி

எஸ்டிமேட்டில் சில அறைகள் மீட்டரிலும் சில அறைகள் அடியிலும் இருப்பதைக் கண்டுபிடித்தவர்கள் பெரும்பாலும் அடுத்த நிமிடமே போனை எடுக்கிறார்கள். "கணக்கு எங்கேயோ தப்பா இருக்கு, பாருங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். இரண்டு நாளில் திருத்திய எஸ்டிமேட் வரும். ஒரு வரி சரியாகியிருக்கும், மூன்று வரி அப்படியே இருக்கும். கடிதத்தில் எந்த வரி, எந்தக் கட்டம், என்ன எண் என்று எழுதிக் கொடுத்தால் இந்த அலைச்சல் வராது. அந்தக் கடிதத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய கணக்குதான் பாதி வேலை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

மூன்று பொருள் போதும்: அறைகளின் உள்ளளவு எழுதிய வரைபடம், காண்ட்ராக்டர் தந்த விவரமான எஸ்டிமேட், ஒரு கால்குலேட்டர்.

விவரமான எஸ்டிமேட் என்றால் ஒவ்வொரு வேலைக்கும் எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம் அல்லது ஆழம், அளவு என்று கட்டம் கட்டமாக இருப்பது. வேலையின் பெயரும் மொத்த அளவும் தொகையும் மட்டும் இருக்கிற சுருக்கத் தாளை வைத்து இந்தத் தவறை நிரூபிக்க முடியாது. அது மட்டும்தான் உங்களிடம் இருக்கிறது என்றால், முதல் கடிதம் விவரத் தாளைக் கேட்டு இரண்டு வரியில் போகட்டும்.

எஸ்டிமேட்டின் தேதியையும், திருத்த எண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு மூன்று பிரதிகள் சுற்றிக்கொண்டிருப்பது சாதாரணம். நீங்கள் பழைய பிரதியைத் திருத்தி அனுப்ப, அவர் புதியதைப் பார்த்து "அப்படி ஒரு வரியே இல்லையே" என்பார்.

இன்னொன்று. இந்த எஸ்டிமேட்டில் இன்னும் கையெழுத்து போடவில்லை என்றால், திருத்தம் வரும்வரை போடாதீர்கள். வேலை முடிந்தபின் அளந்து பணம் கொடுக்கும் ஒப்பந்தமாக இருந்தால் கூடுதல் அளவு கடைசி பில்லில் சரியாகிவிட வாய்ப்புண்டு. மொத்தத் தொகை பேசிய ஒப்பந்தத்தில் அந்த அளவுகளை யாரும் திரும்ப அளக்கப்போவதில்லை.

2. எந்த அலகில் பேசுவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்

எஸ்டிமேட்டின் அளவுக் கட்டத்தில் எந்த அலகு இருக்கிறதோ அதிலேயே கடிதம் முழுவதும் இருக்க வேண்டும். அவர் ச.மீ. என்று போட்டிருந்தால் நீங்களும் மீட்டர்தான். உங்களுக்கு அடிதான் பழக்கம் என்பதற்காக அடியில் எழுதினால், உங்கள் எண்ணை அவர் மறுபடி மாற்ற வேண்டும். அந்த இடத்தில்தான் அடுத்த தவறு பிறக்கும்.

மாற்றுவதற்கு ஒரே எண்ணை மனதில் வையுங்கள்: 1 அடி என்பது சரியாக 0.3048 மீட்டர். அதிலிருந்து 1 மீட்டர் 3.281 அடி, 1 ச.மீ. 10.764 சதுர அடி, 1 க.மீ. 35.31 கன அடி என்று வருகிறது.

அங்குலம் இருந்தால் முதலில் அதைப் பன்னிரண்டால் வகுங்கள். 10 அடி 6 அங்குலம் என்பது 10.5 அடி, 10.6 அடி அல்ல. புதிதாகச் செய்கிறவர்கள் இங்கே அடிக்கடி இடறுகிறார்கள். எஸ்டிமேட் போடுகிறவர்களும் அவசரத்தில் இடறுவதுண்டு. அதற்கு உதாரணம் கீழேயே வருகிறது.

3. தவறிய வரிகளை அடையாளம் காண்பது

ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போவோம். நான்கு அறைகள், வரைபடம் அடியில். கூடம் 18 × 12 அடி. படுக்கையறை ஒன்று 12 அடிக்கு 10 அடி 6 அங்குலம். படுக்கையறை இரண்டு 11 × 10 அடி. சமையலறை 10 × 8 அடி. எல்லா அறைக்கும் உயரம் 10 அடி. எஸ்டிமேட் மீட்டரில் போடப்பட்டிருக்கிறது. தரை டைல்ஸ் ஐட்டம் இப்படி இருக்கிறது:

| அறை | நீளம் | அகலம் | அளவு (ச.மீ.) |
|---|---|---|---|
| கூடம் | 5.49 | 3.66 | 20.09 |
| படுக்கையறை 1 | 3.66 | 10.60 | 38.80 |
| படுக்கையறை 2 | 3.35 | 3.05 | 10.22 |
| சமையலறை | 10.00 | 8.00 | 80.00 |
| மொத்தம் | | | 149.11 |

முதலில் தசமத்துக்குப் பின்னால் வரும் எண்களைப் பாருங்கள். அடியில் வரைந்த வீட்டை மீட்டருக்கு மாற்றினால் 3.05, 3.35, 3.66, 3.96, 4.27, 4.57 போன்ற எண்கள் வரும். எல்லாம் 0.3048-இன் மடங்குகள். அவற்றின் நடுவே 10.00, 8.00 என்று முழு எண் நிற்கிறது என்றால் அது மாற்றப்படாத அடி. வரைபடமே மீட்டரில் இருந்தால் இந்த அடையாளம் உதவாது. அங்கே 3.00, 3.60 என்று முழு எண் வருவது இயல்புதான்.

அடுத்து, எழுதியிருக்கிற எண்ணை நம்பி அந்த அறையைக் கற்பனை செய்யுங்கள். 10.60 மீட்டர் அகலப் படுக்கையறை என்றால் கிட்டத்தட்ட 35 அடி. சமையலறை 80 ச.மீ. என்றால் 861 சதுர அடி. வரைபடப்படி நான்கு அறையும் சேர்ந்தே 532 சதுர அடிதான். வீட்டைவிடப் பெரிய சமையலறை.

பெரிய எண்கள் இப்படி உறுத்தும். சின்ன எண்கள் உறுத்தாது. கனமும் ஆழமும் எழுதும் கட்டத்தில்தான் அடி ஒளிந்துகொள்கிறது. 4 அங்குலக் கான்கிரீட் மீட்டரில் 0.10. அதுவே அடியில் 0.33. 9 அங்குலச் சுவர் மீட்டரில் 0.23, அடியில் 0.75. நாலரை அங்குலச் சுவர் மீட்டரில் 0.115 என்ற அளவில் இருக்கும், அடியில் 0.375. மீட்டர் எஸ்டிமேட்டில் 0.33, 0.75, 0.375 என்ற மூன்று எண்களில் ஒன்றைக் கண்டால் நின்று பாருங்கள். நம் உதாரணத்தில் தரைக்குக் கீழே போடும் கான்கிரீட்டுக்கு ஆழம் 0.33 என்றுதான் இருக்கிறது. முக்கால் மீட்டர் கனச் சுவர் எந்த வீட்டு அறைக்கும் தேவையில்லை, ஆனால் 0.75 என்ற எண்ணைப் பார்த்து யாரும் திடுக்கிடுவதில்லை.

4. ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகத் திரும்பப் போடுங்கள்

மொத்தத்தை மட்டும் எடுத்து ஒரே வகுத்தலில் திருத்தும் ஆசை வரும். 149.11-ஐ 3.28-ஆல் வகுத்தால் 45.46 வருகிறது. சரியான விடை 49.46. அருகில் இருக்கிறதே என்று தோன்றும், அது தற்செயல். நான்கு வரிகளில் இரண்டு சரி, ஒன்றில் ஒரு பக்கம் மட்டும் தப்பு, ஒன்றில் இரண்டு பக்கமும் தப்பு. எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுத்தால் சரியாக இருந்த வரிகளும் கெட்டுப்போகும்.

வரி வரியாகப் போட்டால்: படுக்கையறை ஒன்று 3.66 × 3.20 = 11.71. சமையலறை 3.05 × 2.44 = 7.44. கூடமும் படுக்கையறை இரண்டும் மாற்றமில்லை. மொத்தம் 49.46 ச.மீ.

இப்போது எழுதிய அளவைச் சரியான அளவால் வகுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அடியில் இருந்தால் விகிதம் 3.28 வரும், இரண்டு பக்கமும் அடி என்றால் 10.76. சமையலறைக்கு 80.00 ÷ 7.44 = 10.75. சுற்றெண்ணை விட்டால் சரிதான், இரண்டு பக்கமும் அடி. படுக்கையறைக்கு 38.80 ÷ 11.71 = 3.31. இது 3.28 இல்லை. சின்ன வித்தியாசம்தானே என்று விட்டுவிடாதீர்கள். அகலம் 10.50 என்று இருந்திருந்தால் விகிதம் 3.28 என்று வந்திருக்கும். 10.60 என்று இருப்பதால், 10 அடி 6 அங்குலத்தை 10.6 என்று படித்திருக்கிறார்கள். ஒரே கட்டத்தில் இரண்டு தவறு. இதைக் கடிதத்தில் சொல்லாவிட்டால் அவர் 10.60-ஐ 0.3048-ஆல் பெருக்கி 3.23 என்று திருத்தி அனுப்புவார். அது பாதித் திருத்தம்.

கடைசியாக வேறு வழியில் ஒருமுறை சரிபாருங்கள். அடியிலேயே பெருக்கினால் 216 + 126 + 110 + 80 = 532 சதுர அடி. அதை 10.764-ஆல் வகுத்தால் 49.42 ச.மீ. வரி வரியாக வந்தது 49.46. இந்த 0.04 வித்தியாசம் இரண்டு தசமத்துக்குச் சுருக்கியதால் வருவது, அதைத் துரத்த வேண்டாம். ஒன்று இரண்டு ச.மீ. வித்தியாசம் வந்தால் மட்டும் எங்கேயோ தப்பு என்று திரும்பிப் போங்கள்.

5. தவறு ஒழுகிய மற்ற ஐட்டங்கள்

பெரும்பாலானவர்கள் டைல்ஸ் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அதே அறை அளவுகள் கான்கிரீட், பெயிண்ட், பூச்சு, ஸ்கர்ட்டிங் எல்லாவற்றிலும் மறுபடி எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் தவறு வேறு உருவத்தில் இருக்கும். இரண்டை மட்டும் விரிவாகப் பார்ப்போம்.

கான்கிரீட்: எஸ்டிமேட்டில் 149.11 × 0.33 = 49.21 க.மீ. இங்கே பரப்பும் தப்பு, ஆழமும் தப்பு. பரப்பை மட்டும் திருத்தினால் 16.32 வரும், ஆழத்தை மட்டும் திருத்தினால் 14.91 வரும். இரண்டும் நம்பும்படியான எண்ணாகத் தோன்றும், இரண்டும் தப்பு. சரியானது 49.46 × 0.10 = 4.95 க.மீ. அதனால் கடிதத்தில் இரண்டு காரணத்தையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

சுவர் பெயிண்ட் இன்னும் தந்திரமானது. சுவர்ப் பரப்பு என்பது சுற்றளவு பெருக்கல் உயரம். சுற்றளவில் நீளமும் அகலமும் கூட்டப்படுகின்றன, பெருக்கப்படுவதில்லை. படுக்கையறை ஒன்றில் அகலம் மட்டும் அடியில் இருப்பதால் 2 × (3.66 + 10.60) × 3.05 = 86.99 என்று வந்திருக்கிறது. சரியானது 2 × (3.66 + 3.20) × 3.05 = 41.85. விகிதம் ஏறக்குறைய 2.08. இந்த எண்ணை வைத்து அடி, மீட்டர் குழப்பம் என்று யாரும் ஊகிக்க முடியாது. விகிதம் பார்க்கும் வித்தை தரைப் பரப்புக்கு மட்டும்தான், சுவருக்கு நீள அகலத்தையே நேராகப் பார்க்க வேண்டும்.

அப்புறம் கழிவு. கதவு இருக்கும் இடத்தைச் சுவரிலிருந்து கழிப்பார்கள். நம் எஸ்டிமேட்டில் 4 கதவுகள், 3.00 × 7.00, கழிவு 84.00 ச.மீ. என்று இருக்கிறது. அதுவும் அடிதான். சரியானது 4 × 0.91 × 2.13 = 7.75 ச.மீ. கழிக்கும் வரியில் அடி நுழைந்தால் மொத்தம் குறையும். இப்போது பாருங்கள்: நான்கு அறைச் சுவரும் எஸ்டிமேட்படி 291.65, அதில் கழிவு 84.00 போக 207.65. சரியான கணக்கில் 170.20, அதில் 7.75 போக 162.45. கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று மூடிக்கொண்டதால் மொத்தத்தில் கால்பங்கு சொச்சம்தான் அதிகம் தெரிகிறது. மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. ஜன்னல் கழிவு தனி வரி, அது சரியாக இருப்பதாக வைத்துக்கொண்டு இங்கே விட்டிருக்கிறேன்.

கதவுக் கழிவில் இருக்கும் தவறு உங்களுக்குச் சாதகமானது. அதையும் கடிதத்தில் எழுதுங்கள். நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். குறைவாகப் போட்ட அளவு வேலை நடக்கும்போது கூடுதல் வேலை என்ற பெயரில் திரும்பி வரும். அப்போது பேரம் பேச உங்களிடம் எதுவும் இருக்காது. தவிர, இரண்டு பக்கத் தவறையும் காட்டிய கடிதத்தைக் காண்ட்ராக்டர் படிக்கும் விதமே வேறு.

ரேட் கட்டத்தையும் ஒரு பார்வை பாருங்கள். அளவு ச.மீ.யில் இருந்து ரேட் சதுர அடிக்கு என்று இருந்தால், நீள அகலம் எல்லாம் சரியாக இருந்தாலும் தொகை பத்து மடங்குக்கு மேல் குறைந்துவிடும்.

6. அலகுத் தவறு அல்லாததை ஒதுக்கி வையுங்கள்

எண் பொருந்தாத எல்லா இடமும் அடி, மீட்டர் குழப்பம் அல்ல. ஒரு அறையின் நீளம் உங்கள் கணக்கைவிட 0.23 மீட்டர் அதிகமாக இருந்தால், அவர் சுவரின் நடுக்கோட்டிலிருந்து அளந்திருக்கலாம். 9 அங்குலச் சுவர் என்றால் இரண்டு பக்கமும் பாதிப்பாதி சேர்ந்து ஒரு சுவர்க் கனம் கூடும். அஸ்திவாரத்துக்கும் சுவர் வேலைக்கும் அப்படி அளப்பது முறைதான், டைல்ஸுக்கு அல்ல. ஓரிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் பூச்சுக் கனமாக இருக்கலாம். டைல்ஸில் ஒரு சிறு சதவீதம் சேதாரத்துக்காகச் சேர்த்திருக்கலாம்.

இவற்றை இந்தக் கடிதத்தில் கலக்காதீர்கள். அலகுத் தவறு என்பது மறுக்க முடியாத கணக்கு. நடுக்கோடா உள்ளளவா என்பது பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். இரண்டையும் ஒன்றாக எழுதினால் பேச வேண்டியதைப் பற்றிப் பேச்சு நீளும், மறுக்க முடியாதது அதற்குள் மறைந்துபோகும்.

7. கடிதத்தின் வரிசை

முதலில் எந்த எஸ்டிமேட், எந்தத் தேதி. பிறகு ஒரே வாக்கியத்தில் என்ன தவறு. அதன்பின் எந்த வரைபடத்தை ஆதாரமாக வைத்தீர்கள், எந்த எண்ணால் மாற்றினீர்கள். பிறகு வரி வரியான திருத்தம். அடுத்து சரிபார்த்துச் சரியாக இருந்த வரிகள். கடைசியில் உங்கள் வேண்டுகோள்.

ஆதாரத்தைத் திருத்தத்துக்கு முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. காண்ட்ராக்டரிடம் உள்ள வரைபடம் வேறு பிரதியாக இருந்தால், அந்த இடத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். இல்லாவிட்டால் எல்லா எண்ணையும் பார்த்து முடித்து, "எங்கள் பிளானில் அப்படி இல்லை" என்று கடைசியில் எழுதுவார்.

தொகையை நீங்கள் கணக்கிட்டு எழுத வேண்டாம் என்பது என் கருத்து. அளவுகளை மட்டும் திருத்துங்கள். அளவு குறைந்ததும் ரேட்டை மாற்ற அவர் விரும்பலாம், தற்செயல் செலவு, வரி போன்ற சதவீத வரிகளும் மாறும். நீங்கள் ஒரு தொகையை எழுதிவிட்டால் பேச்சு அந்தத் தொகையைப் பற்றியதாகிவிடும். ரேட் மாறக்கூடாது என்பதை மட்டும் வேண்டுகோளில் ஒரு வரியாகச் சேருங்கள்.

தொனி சாதாரணமாக இருக்கட்டும். "ஏமாற்றப் பார்க்கிறீர்களா" என்ற சாயல் ஒரு சொல்லில்கூட வேண்டாம். கழிவு வரியில் அவருக்கே நஷ்டம் வரும்படி தப்பு இருக்கிறது, இதில் திட்டம் எதுவும் இல்லை. அதேபோல "தயவுசெய்து ஒருமுறை சரிபார்க்கவும்" என்று மட்டும் எழுதி விடுவதும் வேலைக்காகாது. எதைச் சரிபார்ப்பது என்று அவருக்குத் தெரியாது.

8. மாதிரிக் கடிதம்

வெற்றிடங்களை உங்கள் விவரத்தால் நிரப்பிக்கொள்ளுங்கள்.

> அனுப்புநர்: ________
>
> பெறுநர்: ________
>
> நாள்: ________
>
> பொருள்: கட்டட மதிப்பீட்டில் அறை அளவுகளில் அடியும் மீட்டரும் கலந்திருப்பது, திருத்திய மதிப்பீடு கோருதல்
>
> பார்வை: தங்கள் மதிப்பீடு, நாள் ________, திருத்தம் எண் ____
>
> ஐயா,
>
> பார்வையில் கண்ட மதிப்பீட்டின் அளவுகள் மீட்டரில் கணக்கிடப்பட்டுள்ளன. ஆனால் சில வரிகளில் வரைபடத்தின் அடி அளவுகள் மாற்றப்படாமல் அப்படியே எழுதப்பட்டுள்ளன.
>
> ________ நாளிட்ட வரைபடத்தின் உள்ளளவுகளை ஆதாரமாகக் கொண்டு, 1 அடி = 0.3048 மீட்டர் என்று மாற்றிக் கீழ்க்கண்டவற்றைக் கணக்கிட்டுள்ளேன். எண்கள் இரண்டு தசமத்துக்குச் சுருக்கப்பட்டவை.
>
> 1. தரை டைல்ஸ், படுக்கையறை 1: அகலம் 10.60 என்று உள்ளது. வரைபடத்தில் 10 அடி 6 அங்குலம், அதாவது 10.5 அடி. மீட்டரில் 3.20. அளவு 38.80-க்குப் பதில் 11.71 ச.மீ.
>
> 2. தரை டைல்ஸ், சமையலறை: 10.00 × 8.00 என்பது அடி. மீட்டரில் 3.05 × 2.44. அளவு 80.00-க்குப் பதில் 7.44 ச.மீ. இந்த இரண்டு திருத்தங்களால் ஐட்டத்தின் மொத்தம் 149.11-க்குப் பதில் 49.46 ச.மீ.
>
> 3. தரைக் கான்கிரீட்: பரப்பு மேற்கண்டபடி 49.46 ச.மீ. ஆழம் 0.33 என்பது 4 அங்குலத்தின் அடி அளவு, மீட்டரில் 0.10. அளவு 49.21-க்குப் பதில் 4.95 க.மீ.
>
> 4. சுவர் பெயிண்ட்: படுக்கையறை 1-க்கு 86.99-க்குப் பதில் 41.85 ச.மீ. சமையலறைக்கு 109.80-க்குப் பதில் 33.49 ச.மீ. நான்கு அறைகளின் மொத்தம் 291.65-க்குப் பதில் 170.20 ச.மீ.
>
> 5. சுவர் பெயிண்ட், கதவுக் கழிவு: 3.00 × 7.00 என்பதும் அடி. மீட்டரில் 0.91 × 2.13. நான்கு கதவுகளுக்குக் கழிவு 84.00-க்குப் பதில் 7.75 ச.மீ. இது தங்களுக்குக் குறைவாகக் கணக்கிடப்பட்டுள்ளது.
>
> கூடம், படுக்கையறை 2 ஆகியவற்றின் வரிகளையும் ஜன்னல் கழிவையும் சரிபார்த்தேன். அவற்றில் மாற்றம் இல்லை.
>
> எனவே, ஒப்புக்கொண்ட ரேட்களில் மாற்றமின்றி, மேற்கண்ட அளவுகளின்படி திருத்திய முழு மதிப்பீட்டை, ஒவ்வொரு கட்டத்துக்கும் அலகு குறிப்பிட்டு, ________ தேதிக்குள் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். இதே அளவுகள் பயன்படும் மற்ற ஐட்டங்களையும் சேர்த்துத் திருத்தவும். திருத்திய மதிப்பீடு வரும்வரை பழைய அளவுகளின்படி பொருள் வாங்க வேண்டாம். எந்தத் திருத்தத்திலாவது தங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் அந்த வரி எண்ணைக் குறிப்பிட்டு எழுதவும்.
>
> இணைப்பு: வரைபட நகல், குறியிட்ட மதிப்பீட்டு நகல்
>
> இப்படிக்கு,
> ________

ஒவ்வொரு திருத்தத்திலும் பழைய எண், அது ஏன் தப்பு, புதிய எண் என்று மூன்றும் இருப்பதைக் கவனியுங்கள். புதிய எண்ணை மட்டும் கொடுத்தால் அவர் எங்கிருந்து வந்தது என்று தேடுவார். காரணத்தை மட்டும் சொன்னால் வேறு எண்ணுக்கு வந்து சேருவார்.

பொருள் வாங்க வேண்டாம் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். 149 ச.மீ. டைல்ஸுக்கு முன்பணம் போன பிறகு கடிதம் போய்ச் சேர்ந்தால், மூன்றில் இரண்டு பங்கு டைல்ஸை எங்கே வைப்பது என்ற வேறு சண்டை தொடங்கும்.

9. அனுப்புவது

எஸ்டிமேட்டின் நகலில் தவறிய கட்டங்களைச் சிவப்பால் வட்டமிட்டு, பக்கத்தில் கடிதத்தின் திருத்த எண்ணை (1, 2, 3...) எழுதி இணையுங்கள். அவருடைய எண்ணை அடித்துவிட்டு உங்கள் எண்ணை மேலே எழுதாதீர்கள். பிறகு அந்தத் தாளில் எது அவர் எழுதியது, எது நீங்கள் எழுதியது என்று குழப்பம் வரும். எக்செல் கோப்பாகத் தந்திருந்தாலும் அதிலேயே மாற்றி அனுப்ப வேண்டாம், அதே காரணம்தான்.

மின்னஞ்சலிலோ, வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கியோ கொடுங்கள். கொடுத்த பிறகு போன் பண்ணிச் சொல்லலாம். முதலில் போன், பிறகு கடிதம் என்றால், போனிலேயே பேசி முடிந்ததாக எடுத்துக்கொண்டு கடிதத்தைப் பிரிக்காமல் விடுவார்கள்.

10. திருத்திய எஸ்டிமேட் வந்ததும்

முதலில் கீழே இருக்கும் தொகைக்குப் போகாமல் நான்கு எண்களைத் தேடுங்கள்: 3.20, 0.10, 7.75, 49.46. படுக்கையறை அகலம் 3.23 என்று வந்திருந்தால் அங்குலத் தவறு அப்படியே இருக்கிறது. 49.46-க்குப் பதில் 45.46 என்று வந்திருந்தால் மொத்தத்தை 3.28-ஆல் வகுத்திருக்கிறார்கள். கான்கிரீட் 14.91 அல்லது 16.32 என்றால் இரண்டில் ஒரு காரணத்தை மட்டும் திருத்தியிருக்கிறார்கள்.

அடுத்து, சரியாக இருந்த வரிகளைப் பாருங்கள். கூடம் 5.49-லிருந்து 1.67 ஆகியிருந்தால், ஏற்கெனவே மீட்டரில் இருந்ததை மறுபடி 0.3048-ஆல் பெருக்கிவிட்டார்கள். எக்செலில் முழுக் கட்டத்துக்கும் ஒரே சூத்திரத்தை இழுத்துவிட்டால் இதுதான் நடக்கும். சரிபார்த்துச் சரியாக இருந்த வரிகளைக் கடிதத்தில் பெயர் சொல்லி எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

பிறகு ரேட்களைப் பழைய பிரதியோடு ஒப்பிடுங்கள். அளவு குறைந்த ஐட்டத்தில் ரேட் ஏறியிருந்தால், குறைந்த அளவுக்கு அந்த விலை கட்டுப்படியாகாது என்று அவர் சொல்லக்கூடும். சில ஐட்டங்களில் அது நியாயமாகவும் இருக்கலாம், ஆனால் அது தனிப் பேச்சு. அளவுத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டதாக முதலில் எழுத்தில் வாங்குங்கள், ரேட் அதற்குப் பிறகு.

எல்லாம் சரி என்றால் பழைய பிரதியின் முதல் பக்கத்தில் "ரத்து, ________ தேதியிட்ட திருத்தத்தைப் பார்க்கவும்" என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தவணைப் பணம் மொத்தத் தொகையின் சதவீதமாகப் பேசப்பட்டிருந்தால், அந்தச் சதவீதம் இனி எந்தப் பிரதியின் தொகையில் கணக்கிடப்படும் என்பதையும் அதே வரியின் கீழ் குறித்துவிடுங்கள்.